நெல்வயல் ஓரக் குழந்தைகளும் மூளைக் காய்ச்சல் தடுப்பூசியும்

ஒரு சிற்றூரில் நூறு குழந்தைகள் உள்ளனர். தொண்ணூறு பேருக்குத் தடுப்பூசி போட்டாயிற்று. எஞ்சிய பத்துப் பேருக்கு ஆபத்து குறைந்துவிட்டதா? தட்டம்மையைப் பொறுத்தவரை ஓரளவு குறைந்தது எனலாம். அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய். ஊரார் பெரும்பாலோர் காப்புப் பெற்றால் பரவும் வழி அடைபடுகிறது. ஜப்பானிய மூளைக் காய்ச்சலில் இக்கணக்கு செல்லாது. அந்தப் பத்துக் குழந்தைகளின் ஆபத்து முன்பிருந்தபடியே இருக்கும்.

காரணம் நோயின் போக்கிலேயே உள்ளது. தேங்கிய வயல் நீரில் பெருகும் கியூலெக்ஸ் இனக் கொசு இந்நோயின் வைரசைச் சுமக்கிறது. கொக்கு, நாரை போன்ற நீர்ப்பறவைகளின் உடலிலும் பன்றியின் உடலிலும் அவ்வைரசு தங்குகிறது. பன்றியின் குருதியில் அது சில நாட்களுக்கு மிகுதியாகப் பெருகுகிறது. பன்றியோ பெரும்பாலும் நோயின்றியே திரிகிறது. ஆண்டுதோறும் பிறக்கும் குட்டிகள், எதிர்ப்பாற்றல் அற்ற புதிய இருப்பிடங்களாக அமைகின்றன. மனிதக் குருதியிலோ, கடிக்கும் கொசுவுக்குத் தொற்றும் அளவுக்கு வைரசு பெருகுவதில்லை. ஆகவே மனிதர் இச்சங்கிலியின் இறுதிக் கண்ணியாவர். அண்டை வீட்டுக் குழந்தையின் தடுப்பூசி இச்சங்கிலியை அறுக்க இயலாது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியே காப்பு வேண்டும்.

இந்தியாவில் இந்நோய் 1955ஆம் ஆண்டில் வேலூர் வட்டாரத்தில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2005ஆம் ஆண்டில் கோரக்பூரை மையமாகக் கொண்ட கிழக்கு உத்தரப் பிரதேசத்தில் மூளைக் காய்ச்சல் பெருமளவில் மூண்டது. 5,700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 1,300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களில் பெரும்பாலோர் குழந்தைகள். மறு ஆண்டே, நோய் மிகுந்த மாவட்டங்களில் 1 முதல் 15 வயது வரையுள்ளோருக்குத் தடுப்பூசி இயக்கம் தொடங்கியது. இன்று அத்தகைய மாவட்டங்களில் வழக்கமான தடுப்பூசி அட்டவணையிலேயே இது இடம்பெற்றுள்ளது: 9 மாதம் நிறைந்ததும் முதல் தவணை, 16 முதல் 24 மாதத்துக்குள் இரண்டாவது தவணை.

கோரக்பூர்ப் பகுதியில் அக்டோபரில் பிறந்த ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். அதற்கு 9 மாதம் நிறைவது ஜூலையில். அதே மாதத்தில் மழை வலுக்கிறது, நாற்று நடவு நடக்கிறது, தாய்க்கு வயலில் ஓய்வில்லை. "அறுவடை முடியட்டும்" என்று தள்ளிவைத்தால், கொசு மிகுந்து நோய் உச்சமடையும் ஆகஸ்டு, செப்டம்பர், அக்டோபர் மாதங்களைக் குழந்தை காப்பின்றிக் கடக்க நேரும். ஊசி போட்ட பின்னும் எதிர்ப்பாற்றல் உருவாகச் சில வாரங்கள் ஆகும். எனவே ஜூலையின் முதல் வாய்ப்பே தக்க வாய்ப்பு. இலேசான சளியோ இருமலோ அதைத் தள்ளிவைக்கக் காரணமாகாது. இரண்டாவது தவணைக்கு 16 மாதம் நிறைவது பிப்ரவரியில். அதை அப்போதே போட்டுவிட்டால் அடுத்த மழைக்காலத்துக்கு முன் காப்பு உறுதிப்படும்.

இங்கு ஒரு நடைமுறைச் சிக்கலும் உண்டு. உயிருள்ள, வீரியம் குறைக்கப்பட்ட தடுப்பூசி மருந்து, பலருக்குரிய குப்பியில் வருவதுண்டு. கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் பயன்படுத்தாவிடில் எஞ்சியதைக் கொட்டிவிட வேண்டும். வந்திருப்பது ஒரே குழந்தை என்றால், வீணாகுமே என்று குப்பியைத் திறக்கத் தயக்கம் எழலாம். பொருளாதாரக் கண்ணோட்டத்தில் இச்சிக்கனம் தவறானது. நோய் முற்றியவர்களில் நூற்றுக்கு 20 முதல் 30 பேர் வரை இறக்கின்றனர்; பிழைத்தோரிலும் 30 முதல் 50 விழுக்காட்டினருக்கு வலிப்பு, கைகால் முடக்கம், பேச்சுக் குறை, அறிவு வளர்ச்சிக் குறை போன்றவை நிலைத்துவிடுகின்றன. ஒரு குடும்பத்தின் வாழ்நாள் சுமைக்குமுன் சில தவணை மருந்தின் விலை மிகச் சிறிது.

தொற்றுக்கு உள்ளாவோரில் மிகப் பெரும்பாலோருக்கு எக்குறியும் தோன்றுவதில்லை. தோன்றினால், கொசு கடித்த 5 முதல் 15 நாட்களில் திடீர்க் காய்ச்சல், தலைவலி, வாந்தி வரும். இது மட்டும் எனில் சாதாரணக் காய்ச்சலிலிருந்து பிரித்தறிய இயலாது. காய்ச்சலுடன் வலிப்பு வருவதும், குழந்தை பிதற்றுவதும், பெற்றோரை அடையாளம் காணாததும், எழுப்பினாலும் விழிக்காமல் மயங்கிக் கிடப்பதும், கழுத்து விறைப்பதுமே எச்சரிக்கைக் குறிகள். இவற்றில் ஒன்று காணப்பட்டாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். வலிப்பின்போது குழந்தையை ஒருக்களித்துக் கிடத்த வேண்டும். வாயில் கரண்டியோ நீரோ மருந்தோ இடலாகாது.

இந்த வைரசை அழிக்கும் தனி மருந்து இல்லை. வலிப்பை அடக்குதல், மூச்சைக் காத்தல், மூளை வீக்கத்தைக் குறைத்தல் ஆகியவையே சிகிச்சை. அவை நேரத்தோடு கிடைத்தால்தான் பயன் தரும். தடுப்பூசி போட்ட குழந்தைக்கும் இவ்விதி பொருந்தும். ஏனெனில் இதே குறிகளை வேறு நோய்களும் தோற்றுவிக்கின்றன. கோரக்பூர்ப் பகுதியில் உண்ணிக் காய்ச்சலும் அவற்றுள் ஒன்று எனப் பின்னர் அறியப்பட்டது. அதற்கு ஏற்ற மருந்து உண்டு. "ஊசி போட்டாயிற்றே" என்ற நம்பிக்கை, மருத்துவமனைக்குச் செல்வதைத் தாமதப்படுத்திவிடக் கூடாது.