ஒரு வாக்கியமும் முந்நூறு மீட்டரும்
(செஞ்சி ஊழியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் செஞ்சிக் கோட்டை போன்ற பாதுகாக்கப்பட்ட சின்னங்களைப் பற்றிய அரசு அறிவிப்பில் ஒரு நீண்ட வாக்கியம் உண்டு. அதன் சாரம் இது: பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து 100 மீட்டர் வரையிலும், அதற்கப்பால் 200 மீட்டர் வரையிலும் உள்ள இடங்கள், கல்வெட்டி எடுப்பதற்கும் கட்டுமானத்துக்கும், முறையே தடைசெய்யப்பட்ட பகுதியாகவும் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதியாகவும் அறிவிக்கப்படுகின்றன.

எழுத்துக்கூட்டிப் படிக்கும் விவசாயி ‘முறையே’ என்ற சொல்லில் தடுக்கி விழுகிறார். திரும்பிப் போய் எது எதற்கு என்று பொருத்திப் பார்க்க வேண்டும். ‘அதற்கப்பால்’ என்பதை விட்டுவிட்டாலோ, 200 மீட்டரோடு கட்டுப்பாடு தீர்ந்தது என்று நினைப்பார். 250-வது மீட்டரில் கடைக்கால் தோண்டிய பிறகு நோட்டீஸ் வரும்!

இப்படி வெட்டி எழுதலாம்:

“கோட்டையின் பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து அளக்க வேண்டும். 100 மீட்டருக்குள் புது வீடு கட்டக்கூடாது. கல் வெட்டக்கூடாது. 100 முதல் 300 மீட்டர் வரை, முதலில் அனுமதி வாங்க வேண்டும். பிறகே வேலை தொடங்க வேண்டும்.”

கூட்டல் கணக்கை நாமே போட்டுவிட்டோம், பாருங்கள்.

ஆனால் சுருக்குகிற ஆவலில் “100 மீட்டருக்குள் எதுவும் செய்யாதே” என்று எழுதிவிடாதீர்கள். அது பொய். 2010-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டப்படி, 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த வீட்டைப் பழுதுபார்க்க அனுமதி கேட்கலாம். ஒழுகும் கூரைக்காரனுக்கு அந்த ஒரு வரிதான் முக்கியம். அதைத் தனி வாக்கியமாகச் சேருங்கள்.

எழுதியதைப் படித்துக் காட்டிவிட்டு, “புரிந்ததா?” என்று கேட்காதீர்கள். எல்லோரும் தலையாட்டுவார்கள். “உன் மனை 250 மீட்டரில் இருக்கிறது, நாளைக்கு என்ன செய்வாய்?” என்று கேளுங்கள்.