"குறைவு" என்றால் எவ்வளவு?



புது உறுப்பினர் சேர்க்க நாம வீடு வீடாகப் போறோம். "குழுவில் வட்டி குறைவு, சேர்ந்தால் நல்லா இருக்கலாம்" என்று சொல்றோம். அவங்களும் தலையாட்டி, தண்ணீர் கொடுத்து அனுப்பிடுறாங்க. தண்டல்காரரும் அதே வாசலில் நின்று "வட்டி குறைவுதாம்மா" என்றுதானே சொல்றார்? ரெண்டு பேச்சும் ஒண்ணு மாதிரி இருந்தா யாரை நம்புவாங்க?

அதனால் நான் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துப் போவேன். "அக்கா, தண்டலில் கைக்கு எவ்வளவு வந்தது, தினம் எவ்வளவு கட்டுறீங்க?" என்று கேட்பேன். எங்க ஊரில் 8,500 ரூபாய் கொடுத்து, தினம் 100 ரூபாயாக 100 நாள் வாங்குவாங்க. மொத்தம் 10,000. வட்டி மட்டும் 1,500. இதை அவங்க கையாலேயே எழுத வைப்பேன்.

அடுத்து அதே 8,500-க்கு எங்க குழுக் கணக்கு. நூற்றுக்கு மாதம் ஒரு ரூபாய் வட்டி, பத்து மாதத் தவணை. அசல் மாதம் 850. முதல் மாத வட்டி 85 ரூபாய். பாக்கி குறையக் குறைய வட்டியும் குறைஞ்சு, கடைசி மாதம் எட்டரை ரூபாய்தான். பத்து மாதமும் கூட்டினா 467 ரூபாய் 50 காசு. "பன்னிரண்டு சதவீதம்" என்று சொன்னால் எதிரே இருப்பவருக்கு ஒன்றும் புரியாது, எனக்கே முதலில் புரியாது! "தண்டலுக்கு மாதம் 3,000 போகுது, குழுவில் முதல் மாதம் 935" என்றால் உடனே புரியும்.

தொகை வேறென்றால் மறுபடி கணக்குப் போடணும். உங்க குழுவில் ரெண்டு ரூபாய் வட்டி என்றால் அதையே சொல்லுங்க, எங்க கணக்கைச் சொல்லாதீங்க.

நமக்குச் சாதகமில்லாத எண்ணையும் சேர்த்துச் சொல்லணும். தண்டல் இன்னைக்கே கிடைக்கும். குழுவில் கூட்டம் வரைக்கும், சில சமயம் முறை வரும் வரைக்கும் காத்திருக்கணும். மாதம் 100 ரூபாய் சேமிப்பும் கட்டணும். புதுக் குழு என்றால் ஆறு மாதமாவது ஒழுங்கா நடந்த பிறகுதான் வங்கி கடனுக்குப் பார்க்கும். "சேர்ந்த உடனே ஒரு லட்சம்" என்று சொல்லிக் கூட்டி வந்தால், மூணாவது கூட்டத்துக்கு ஆள் வராது.

"எல்லாரும் சரியாக் கட்டுறாங்க" என்றும் சொல்ல மாட்டேன். "பன்னிரண்டு பேரில் பதினோரு பேர் தேதிக்குக் கட்டினாங்க, ஒருத்தர் ரெண்டு மாதம் தாமதம்" என்று பதிவேட்டைத் திறந்து காட்டுவேன், பெயர் வரியை மட்டும் கையால் மறைச்சுக்கிட்டு. அந்த ஒருத்தரைச் சொன்ன பிறகுதான் மற்ற பதினோரு பேரையும் நம்புறாங்க. "அவங்க எப்படி அப்புறம் கட்டினாங்க?" என்று கேட்டு, திண்ணையில் உட்கார்ந்துடுவாங்க.