தலைப்புல மாட்டிக்காம இருக்கிறது எப்படி?

போன வாரம் ஆபீஸ் குரூப்ல ஒரு ஸ்கிரீன்ஷாட் வந்துச்சு. ஒரு செய்தித் தலைப்பு, கீழ ஒரு போட்டோ, அவ்வளவுதான். நான் உடனே கோபமா நாலு வரி டைப் பண்ணி அனுப்பிட்டேன். பத்து நிமிஷம் கழிச்சு கூட வேலை பாக்கிற பொண்ணு, "டேய், அது காமெடி சைட்டுடா"ன்னு போட்டுச்சு. அவமானம்தான். ஆனா அன்னைக்கு ராத்திரி உக்காந்து யோசிச்சேன். நான் எதைப் பாத்திருந்தா தப்பிச்சிருப்பேன்? இந்த எபிசோட் அதுக்குத்தான்.

நான் மட்டும் ஏமாறலங்கிறதுக்கு ஒரு பெரிய உதாரணம் சொல்றேன். அமெரிக்காவுல 'தி ஆனியன்'னு ஒரு நையாண்டிப் பத்திரிகை இருக்கு. 1988-ல விஸ்கான்சின் மாநிலத்துல ரெண்டு காலேஜ் பசங்க ஆரம்பிச்சது. 2012 நவம்பர்ல அவங்க ஒரு செய்தி போட்டாங்க: உயிரோட இருக்கிறதிலேயே கவர்ச்சியான ஆண், வடகொரியாவோட கிம் ஜாங் உன். ரெண்டு வாரத்துக்குள்ள சீனாவோட அரசுக் கட்சிப் பத்திரிகையான பீப்பிள்ஸ் டெய்லியோட இணையதளம் அதை அப்படியே எடுத்துப் போட்டுச்சு. சும்மா இல்ல, கிம்மோட 55 படங்களைச் சேர்த்து ஒரு ஸ்லைடுஷோவாவே போட்டாங்க. வட்ட முகம், பையன் மாதிரி ஒரு வசீகரம், திடமான உடம்புன்னு ஆனியன் எழுதுன வர்ணனையும் அதுல இருந்துச்சு.

இதுல சிரிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு கவனிங்க. தலைப்புல பெரிசா எந்தத் தப்பும் கிடையாது. 'பீப்பிள்'னு ஒரு அமெரிக்கப் பத்திரிகை வருஷா வருஷம் நிஜமாவே இந்தப் பட்டம் கொடுக்குது. அந்த வருஷம் நடிகர் சானிங் டேட்டமுக்குக் கொடுத்தாங்க. அதனால நிகழ்ச்சி நிஜம், சீசன் நிஜம், மொழிநடையும் அச்சு அசல் சினிமாப் பத்திரிகை நடை. ஆளு மட்டும்தான் மாறியிருக்காரு. நல்ல நையாண்டி இப்படித்தான் கட்டப்படுது. எல்லாத்தையும் சரியா வச்சுட்டு, ஒரே ஒரு திருகாணியை மட்டும் தப்பாத் திருகுவாங்க. அதனால தலைப்பை மட்டும் உத்துப் பாத்துக் கண்டுபிடிக்கலாம்ங்கிறது கஷ்டம்.

சரி, அப்போ குறிப்பு எங்க இருந்துச்சு? கீழ. அந்தச் செய்தியோட கடைசியில முந்தைய வருஷங்கள்ல ஜெயிச்சவங்கன்னு ஒரு பட்டியல் இருந்துச்சு. 2011-ல சிரியாவோட பஷார் அல் அசாத். 2010-ல பல்லாயிரம் பேரோட பணத்தைச் சுருட்டுன பெர்னி மேடாஃப். 2008-ல தபால்ல குண்டு அனுப்பிக் கொலை பண்ண டெட் கசின்ஸ்கி. இதைப் படிச்ச ஒருத்தரும் நம்பியிருக்க வாய்ப்பே இல்ல. எழுதுனவங்க குறிப்பை ஒளிச்சு வைக்கல, பளிச்சுன்னுதான் வச்சிருந்தாங்க. ஆனா அது இருந்த இடம் கடைசிப் பத்தி.

இது எனக்குப் பிடிச்ச விஷயம். நிஜச் செய்தியில முக்கியமானது மேல இருக்கும், கீழ போகப் போகச் சத்து குறையும். அதனாலதான் நாம முதல் ரெண்டு பத்தியோட நிறுத்திடுறோம். நையாண்டிச் செய்தி அதுக்கு நேர் எதிர். முதல் வரி ரொம்ப அடக்கமா இருக்கும், கீழ போகப் போகப் பைத்தியம் முத்தும். அப்போ சந்தேகம் வந்தா மேலயிருந்து படிக்காதீங்க, கடைசிப் பத்தியிலயிருந்து படிங்க.

இரண்டாவது இடம், மேற்கோள். அதே வருஷம் செப்டம்பர்ல ஈரானோட ஃபார்ஸ் செய்தி நிறுவனம் இன்னொரு ஆனியன் கதையை எடுத்துப் போட்டுச்சு. அமெரிக்கக் கிராமத்து வெள்ளைக்காரங்க ஒபாமாவை விட அன்னைக்கு ஈரான் அதிபரா இருந்த அகமதிநெஜாத்தைத்தான் விரும்புறாங்கன்னு கேலப் கருத்துக்கணிப்பு சொல்லுதாம். கேலப் நிஜ நிறுவனம். ஆனா அதுல பேசுன வெஸ்ட் வர்ஜீனியா ஆளோட காரணங்களைப் பாத்தா, அவர் நாட்டுப் பாதுகாப்பை சீரியஸா எடுத்துக்கிறாரு, போராட்டக்காரங்க பேச்சைக் கேக்க மாட்டாருங்கிற ரேஞ்சுல இருந்துச்சு. நிஜ மனுஷங்க பேட்டி கொடுக்கும்போது தங்களை நல்லவனாக் காட்டப் பாப்பாங்க. நையாண்டியில வர்ற ஆளு தன்னோட குறையை ஒளிவுமறைவே இல்லாம உளறிக் கொட்டுவான். அதுதான் அடையாளம்.

ஃபார்ஸ் கதையில இன்னொரு திருப்பம் இருக்கு. ஆனியன் எழுதுன ஒரிஜினல்ல அகமதிநெஜாத்தைப் பத்தி, யூத இனப்படுகொலையை மறுத்தவர், அரசியல் கைதிகளைக் கொன்னவர்னு ஒரு துண்டு இருந்துச்சு. நகைச்சுவையோட மையமே அதுதான். ஃபார்ஸ் கிட்டத்தட்ட மொத்தத்தையும் வரிக்கு வரி எடுத்துச்சு, அந்தத் துண்டை மட்டும் வெட்டிடுச்சு. தங்களுக்குப் பிடிக்காத வரின்னு வெட்டுனாங்க, ஆனா வெட்டுப்பட்டது குறிப்பு. அப்புறம் தப்பு தெரிஞ்சு மன்னிப்புக் கேட்டாங்க. மன்னிப்புலயும், நிஜமாக் கணிப்பு எடுத்தா அமெரிக்கர்கள் யாரை வேணா ஒபாமாவுக்குப் பதிலா விரும்புவாங்கன்னு சேர்த்துக்கிட்டாங்க.

நம்ம ஸ்கிரீன்ஷாட்டும் இதே வேலையைத்தான் பண்ணுது. கோடு எழுதுறவங்களுக்குப் புரியும், ஃபைலை காப்பி பண்ணும்போது மெட்டாடேட்டா போயிடுற மாதிரி. சைட் பேர், கடைசிப் பத்தி, பக்கத்துல இருக்கிற மத்த தலைப்புகள் எல்லாம் கழண்டுடும். மிஞ்சுறது தலைப்பு, அதாவது குறிப்பே இல்லாத பகுதி. எனக்கு நடந்தது சரியா அதுதான்.

அப்போ ஒவ்வொண்ணுலயும் 'இது நையாண்டி'ன்னு முத்திரை குத்திடலாமே? 2014-ல ஃபேஸ்புக் இதைச் சோதிச்சுப் பாத்துச்சு. ஆனா ஆனியன் இதை எதிர்த்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரைக்கும் பேசியிருக்கு. விஷயம் இதுதான். 2016-ல ஒஹாயோவோட பார்மா ஊர்ல ஒருத்தர் உள்ளூர் போலீஸோட ஃபேஸ்புக் பக்கம் மாதிரியே ஒரு போலிப் பக்கம் ஆரம்பிச்சாரு. போலீஸ் பக்கத்துல 'வீ நோ கிரைம்'னு முழக்கம், 'குற்றத்தை நாங்க அறிவோம்'ங்கிற அர்த்தத்துல. அவர் 'நோ'வோட ஸ்பெல்லிங்கை மட்டும் மாத்தி, அதை 'இல்லை'ங்கிற நோ ஆக்கிட்டாரு. காதுல கேட்டா ரெண்டும் ஒண்ணுதான், படிச்சாத்தான் சிரிப்பு வரும். இதுக்கு அவரைக் கைது பண்ணி நாலு நாள் ஜெயில்ல வச்சாங்க. ஜூரி குற்றமில்லைன்னு விட்டுடுச்சு. அப்புறம் அவர் போலீஸ் மேல வழக்குப் போட்டாரு, கீழ் நீதிமன்றங்கள்ல நிக்கல.

அந்த வழக்குக்காக 2022 அக்டோபர்ல ஆனியன் ஒரு மனு தாக்கல் பண்ணுச்சு. முதல்ல நிஜம் மாதிரி நம்ப வைக்கணும், அப்புறம்தான் வாசகருக்குப் பொறி தட்டணும், முன்னாடியே முத்திரை குத்தினா நையாண்டியே செத்துடும்ங்கிறதுதான் வாதம். மனுவையே அவங்க பாணியில எழுதியிருந்தாங்க. தினமும் 4.3 டிரில்லியன் பேர் படிக்கிறாங்க, 1756-ல ஆரம்பிச்சதுன்னு. பூமியிலயே அவ்வளவு ஆளு இல்ல. 2023 பிப்ரவரியில உச்ச நீதிமன்றம் வழக்கை எடுத்துக்க மறுத்துடுச்சு.

எனக்கு அந்த வாதம் பாதி சரி. அந்தப் பொறி தட்டுறதுக்கு வாசகர் முழுப் பக்கத்தையும் பாக்கணும். பார்மா கேஸ்லயும், போலிப் பக்கம்னு கமெண்ட் போட்டவங்களோட கமெண்டை அந்த ஆள் அழிச்சதைத்தான் போலீஸ் தரப்பு சுட்டிக்காட்டுச்சு. குறிப்பை யார் அழிச்சாலும், எழுதுனவரே அழிச்சாலும், பிரச்சினை வருது.

அதனால இப்போ நான் ஒரு வேலை செய்றேன். தலைப்பைத் தேடி ஒரிஜினல் பக்கத்தைத் திறக்கிறேன், நேரா கடைசிப் பத்திக்குப் போறேன், அப்புறம் அங்க பேசுற ஆளு தன்னையே காட்டிக் கொடுக்கிறாரான்னு பாக்கிறேன். ஒரு நிமிஷம்கூட ஆகாது. ஒரிஜினல் பக்கமே கிடைக்கலைன்னா, கோபப்படுறதையும் ஃபார்வர்ட் பண்றதையும் தள்ளிப் போடுறேன். ஆபீஸ் குரூப்ல நான் டைப் பண்ண அந்த நாலு வரியை இன்னும் யாரும் மறக்கலங்க. அடுத்த எபிசோட்ல பாப்போம்.