மெய்ப்பில் ஒப்பமிடுமுன்



அச்சகத்தார் மெய்ப்புப் படியைத் தந்து, “பார்த்து ஒப்பமிட்டுத் தாருங்கள்” என்று கூறும்போது, நம்மிற் பலர் அதனை ஒரு வாசகர் வாசிப்பதுபோல் மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்துவிட்டு ஒப்பமிட்டு விடுகின்றோம். அந்த ஒப்பம் விழுந்தபின் எஞ்சியிருக்கும் பிழை அச்சகத்தாரின் பிழையன்று. அது நம்முடையதாகி விடுகின்றது. மீண்டும் அச்சிடுவதாயின் தாளுக்கும் கூலிக்கும் நாமே பணம் கொடுத்தல் வேண்டும். ஆதலின் மெய்ப்பை எவ்வாறு பார்ப்பது என்பதை ஓர் உதாரணத்தைக் கொண்டு இன்று ஆராய்வோம்.

ஒரு கிராமத்து வாசிகசாலையார் தங்கள் கட்டடத்தின் கூரையைப் புதுப்பிப்பதற்கு நிதி சேர்க்க எண்ணி, இரண்டாயிரம் துண்டுப்பிரசுரங்களை அச்சிடுகின்றனர் என்று வைத்துக் கொள்வோம். தாள் ஏ4 அளவு. அதாவது 297 மில்லிமீற்றர் நீளமும் 210 மில்லிமீற்றர் அகலமும் உடையது. இருபுறமும் அச்சிட்டு, இரண்டு மடிப்புகள் இட்டால் ஆறு முகங்கள் கிடைக்கும். இந்த மெய்ப்பை நான்கு முறை பார்த்தல் வேண்டும்: முதலில் மடிப்பு, பின்னர் ஓரம், அதன்பின் படங்கள், இறுதியாக எழுத்து. எழுத்தைக் கடைசியில் வைப்பதற்குக் காரணம் உண்டு. மடிப்போ படமோ மாறினால் எழுத்தும் இடம்பெயரும். முன்னரே எழுத்தைப் பார்த்த உழைப்பு வீணாகும்.

மடிப்பைத் திரையிற் பார்த்து அறிய முடியாது. திரையில் இரண்டு பக்கங்களும் தனித்தனியே ஒழுங்காகவே தோன்றும். மெய்ப்பை ஒரே தாளின் இருபுறமும் அச்சிடுவித்து, வெட்டுக்குறிகளின்படி கத்தரித்து, உண்மையாகவே மடித்துப் பாருங்கள். உட்பக்கம் தலைகீழாக வருகின்றதா, முகப்பு முகப்பாகவே அமைகின்றதா என்பன உடனே தெரியும். அதனினும் நுட்பமான பிழை ஒன்றுண்டு. உள்ளே மடிந்து செல்லும் மடல் மற்றைய இரண்டையும்விடச் சிறிது ஒடுங்கியிருத்தல் வேண்டும். இன்றேல் அது உள்ளே முட்டி வளையும். ஆகவே 297 மில்லிமீற்றரை 100, 100, 97 எனப் பிரிப்பர். வெளிப்புறத்தில் இந்த ஒடுங்கிய மடல் இடது கையில் இருக்குமாயின், தாளைப் புரட்டியதும் அது வலது கையில் இருக்கும். வடிவமைப்பவர் இதனை மறந்து இருபுறத்துக்கும் ஒரே அளவை இட்டுவிட்டால், உட்புறத்தில் மடிப்பு மூன்று மில்லிமீற்றர் விலகி விழும். ஒரு பக்கத்தின் வண்ணம் அடுத்த பக்கத்தில் மெல்லிய கோடாகத் தெரிந்தால், காரணம் பெரும்பாலும் இதுவே. தடித்த தாளில் கடும் நிறத்தின் குறுக்கே மடிப்பு விழுந்தால் அவ்விடத்தில் நிறம் வெடித்து வெண்கீறல் தோன்றலாம். மெய்ப்பு மெல்லிய தாளில் இருந்தால் இது புலப்படாது. மடிப்பதற்குமுன் தாளில் தடம் அழுத்துவார்களா என்று அச்சகத்தாரிடம் கேட்டறிதல் நன்று.

இனி ஓரத்தைப் பார்ப்போம். அச்சான தாள்களை அடுக்காக வைத்தே பொறியில் வெட்டுகின்றனர். அடுக்கு சிறிது நகர்வது இயல்பு. வண்ணம் சரியாக வெட்டுக்கோட்டிலேயே முடிந்திருந்தால், அந்தச் சிறு நகர்வினால் ஓரத்தில் வெள்ளைக் கீற்று தோன்றிவிடும். இதனைத் தவிர்க்கவே வண்ணத்தையும் படத்தையும் வெட்டுக்கோட்டுக்கு அப்பால் ஒவ்வொரு பக்கமும் மூன்று மில்லிமீற்றர் நீட்டி விடுகின்றனர். அச்சகத்தார் இதனைப் ‘பிளீட்’ என்பர். நமது பிரசுரத்தின் வெட்டப்படாத மெய்ப்பில் வண்ணப்பரப்பு 303க்கு 216 மில்லிமீற்றராக இருத்தல் வேண்டும். அடிமட்டத்தை வெட்டுக்குறிகளின்மீது வைத்து, வண்ணம் அக்கோட்டைத் தாண்டுகின்றதா எனப் பாருங்கள். குறிகளுக்கு இடையேயுள்ள தூரம் 297 ஆக இல்லாது குறைந்திருந்தால், அலுவலக அச்சுப்பொறி பக்கத்தைச் சுருக்கி அச்சிட்டுள்ளது என்பது பொருள். அந்தப் படியைக் கொண்டு எந்த அளவையும் முடிவு செய்யலாகாது. எழுத்துகள் கோட்டுக்கு உள்ளே ஐந்து மில்லிமீற்றரேனும் ஒதுங்கி நிற்றல் வேண்டும். ஓரத்தை ஒட்டி மெல்லிய சட்டக்கோடு இட்டிருந்தால் அதனை நீக்குவதே மேல். வெட்டு அரை மில்லிமீற்றர் நகர்ந்தாலும் ஒருபுறம் தடித்தும் மறுபுறம் மெலிந்தும் தோன்றும்.

மூன்றாவது, படங்கள். பழுதுற்ற கூரையின் புகைப்படம் ஒன்றை ஒருவர் கைப்பேசியில் அனுப்பியிருக்கின்றார். திரையில் அது தெளிவாகவே தோன்றும். ஆயின் அதன் அகலம் 600 படப்புள்ளிகளே என்றும், பிரசுரத்தில் அது 100 மில்லிமீற்றர், அதாவது ஏறத்தாழ நான்கு அங்குலம், இடம்பெறுகின்றது என்றும் கொள்வோம். 600ஐ நான்கால் வகுத்தால் அங்குலத்துக்கு 150 புள்ளிகள். நல்ல அச்சுக்கு வழக்கமாக வேண்டுவது 300. ஆகவே படம் மங்கலாக வரும். இதற்கு வழி இரண்டே: படத்தைப் பாதி அகலத்துக்குச் சுருக்குவது, அல்லது எடுத்தவரிடமிருந்து சுருக்கப்படாத மூலப்படத்தைப் பெறுவது. படத்திலுள்ள பெயர்ப்பலகையையும் வாசித்துப் பாருங்கள். எழுத்து இடம்வலம் மாறியிருந்தால் படம் புரட்டப்பட்டுள்ளது. குழுப்படமாயின் கீழே உள்ள பெயர்களை இடமிருந்து வலமாக ஒவ்வொரு முகத்தோடும் ஒப்பிடுங்கள். நிறத்தைப் பொறுத்தவரை, திரை ஒளியால் நிறங்காட்டுவது. அச்சு நான்கு மைகளால் நிறங்காட்டுவது. திரையிற் கண்ட பளிச்சென்ற நீலமும் பச்சையும் தாளில் அடங்கியே தோன்றும். நிறம் முக்கியமெனில், அச்சகத்தாரிடம் நிற மெய்ப்பு ஒன்றைத் தனியாகக் கேட்டல் வேண்டும்.

இறுதியாக எழுத்துக்கு வருவோம். ஒருவர் மூலப்படியை உரக்க வாசிக்க, மற்றொருவர் மெய்ப்பில் விரல் வைத்துப் பின்தொடர்தல் பழைய முறையாயினும் சிறந்த முறை. நமது பிரசுரத்தில் “கூரை நிதி” என்பது “கூறை நிதி” என்று அச்சாகியிருக்கக்கூடும். இரண்டும் நல்ல தமிழ்ச் சொற்களே. ஆதலின் கணினியின் எழுத்துப் பிழைதிருத்தி அதனைக் குறிகாட்டாது. ஆனால் ஊரார், வாசிகசாலை மணப்பெண்ணுக்குப் புடைவை வாங்கப் போகின்றதோ என்று கேட்பர்! பாமினி போன்ற பழைய எழுத்துருவிலிருந்து ஒருங்குறிக்கு மாற்றிய பகுதிகளில் கொம்பும் காலும் பிரிந்து கிடத்தலும் உண்டு. அவ்விடங்களைக் கூர்ந்து நோக்குக. தலைப்பைத் தனியே பாருங்கள். பெரிய எழுத்தைக் கண் வாசிக்காமலே கடந்துவிடும்.

எண்களை வேறொரு முறை பாருங்கள். கூட்டம் “2026 ஓகஸ்ட் 15, ஞாயிற்றுக்கிழமை” என்றிருந்தால் நாட்காட்டியைத் திறவுங்கள்: அன்று சனிக்கிழமை. எது சரியென்று செயலாளரிடம் கேட்டே திருத்துதல் வேண்டும். தொலைபேசி எண்ணை அச்சிலுள்ளவாறே அழுத்தி, யார் பேசுகின்றார் என்று கேளுங்கள். வங்கிக் கணக்கு எண்ணை முன்னைய மெய்ப்போடு அன்று, வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அதில் ஓர் இலக்கம் மாறினால், இரண்டாயிரம் வீடுகளுக்குச் சென்ற பிரசுரமும் கூரைக்கு ஓர் ஓட்டைத்தானும் கொணராது.

திருத்தங்கள் செய்தபின் இரண்டாம் மெய்ப்பைக் கேட்டுப் பெறுங்கள். திருத்திய சொல்லை மட்டும் பார்த்து அமையலாகாது. ஒரு சொல் நீண்டால் அடுத்த வரிகள் நகர்ந்து, பெட்டியின் கடைசி வரி மறைந்து போவதுண்டு. ஆகவே ஒவ்வொரு பத்தியின் இறுதிச் சொல்லும் உள்ளதா என்று மூலத்தோடு பாருங்கள். எல்லாம் பொருந்திய பின்னரே, தாளின் வகையையும் படிகளின் தொகையையும் தேதியையும் எழுதி, அதன்கீழ் ஒப்பமிடுங்கள். ஒப்பமிட்ட மெய்ப்பின் பிரதி ஒன்றை உங்களிடமும் வைத்திருங்கள். அச்சிட்ட பிரசுரம் அதற்கு மாறாக வந்தால், பிழை யாருடையது என்பதை அந்தப் பிரதியே கூறிவிடும்.