எந்த அளவுகோலில் ‘சிறந்த பத்து’?

(வாசிப்பு வட்டக் கூட்டம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



‘தமிழில் சிறந்த பத்து நாவல்களைச் சொல்லுங்கள்.’ இலக்கிய ஆய்வு செய்கிறேன் என்று சொன்னதும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். இதில் எண் இருக்கிறது, அளவுகோல் இல்லை. அதிகம் விற்றவையா, அதிகம் வாசிக்கப்பட்டவையா, விமர்சகர்கள் உயர்வாகச் சொன்னவையா என்பது கேள்வியில் இல்லை. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டு வரை என்பதும் இல்லை. இந்த இரண்டு வெற்றிடங்களும் வெற்றிடங்களாகவே இருந்துவிடுவதில்லை. பதில் சொல்பவரின் பழக்கம் அங்கே வந்து உட்கார்ந்துகொள்கிறது.

முதலில் காலத்தை எடுத்துக்கொள்வோம். காலவரம்பு சொல்லாவிட்டால், மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ அச்சான 1879இலிருந்து கணக்கு தொடங்கிவிடுகிறது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ ஈழத்தில் 1972இல் வெளிவந்தது. இங்கே பூமணியின் ‘பிறகு’ 1979இல். பாமாவின் ‘கருக்கு’ 1992இல். இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ 1994இல். ‘எல்லாக் காலத்துக்குமான பட்டியல்’ என்று சொன்ன உடனேயே, சேரியின் வாழ்க்கையை அதற்குள்ளிருந்து எழுதிய நாவல்கள் ஏறத்தாழ இல்லாத 90 ஆண்டுகளை நாம் போட்டிக்குள் சேர்த்துவிடுகிறோம். அந்த ஆண்டுகளின் நாவல்களுக்குப் பாடத்திட்டம், மறுபதிப்பு, விமர்சனக் கட்டுரை என்று பல தலைமுறைகளின் சேமிப்பு இருக்கிறது. 1972ஐத் தொடக்கமாக வைத்துப் பாருங்கள். அதே வாசகர், அதே ரசனை, ஆனால் வேறு பத்து வரும்.

அந்த 90 ஆண்டுகளில் ஒடுக்கப்பட்டவர்கள் எழுதவில்லையா? எழுதினார்கள். ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ தொடராக வரத் தொடங்கிய அதே 1893இல்தான் இரட்டைமலை சீனிவாசன் ‘பறையன்’ இதழைத் தொடங்கினார். 1907இல் அயோத்திதாசர் ‘ஒரு பைசாத் தமிழன்’ கொண்டுவந்தார். அவர்கள் எழுதியது இதழியல், வரலாறு, விவாதம். ‘நாவல்’ என்று கேட்டதும் அந்த எழுத்து பட்டியலின் வாசலிலேயே நின்றுவிடுகிறது. ‘கருக்கு’க்கும் இதே சிக்கல்தான். அது நாவலா, தன்வரலாறா என்ற கேள்வியைக் காட்டி அதை வெளியே வைப்பது எளிது. வகைமையும் ஓர் அளவுகோல்தான், தன்னை அளவுகோல் என்று சொல்லிக்கொள்ளாத அளவுகோல்.

சரி, அளவுகோலைச் சொல்லிவிட்டால் நீதி கிடைத்துவிடுமா? கிடைக்காது. விற்பனை என்று வைத்தால் ‘பொன்னியின் செல்வன்’ மேலே வரும். கல்கியின் எழுத்து நாட்டுடைமையானது, எந்தப் பதிப்பகமும் மலிவு விலையில் அச்சிடலாம் என்பதற்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஆனால் ‘இது விற்பனைப் பட்டியல்’ என்று எழுதியிருந்தால் அந்தக் காரணத்தை நாம் எடுத்து வைத்துப் பேசலாம். ‘சிறந்த’ என்று மட்டும் இருந்தால் எதை வைத்துப் பேசுவது?

சாகித்திய அகாதமி விருதைப் பாருங்கள். அதன் மீது நமக்கு ஆயிரம் விமர்சனம் இருக்கலாம். ஆனால் குறிப்பிட்ட சில ஆண்டுகளுக்குள் முதற்பதிப்பு வந்த நூலுக்குத்தான் விருது என்ற விதி வெளிப்படையாக இருக்கிறது. பூமணிக்கு 2014இல் ‘அஞ்ஞாடி’க்காக விருது கிடைத்தது. ‘பிறகு’ வந்து அப்போது 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. ‘பிறகு’ வந்த காலத்தில் அதை ஏன் கண்டுகொள்ளவில்லை என்று கேட்க முடிகிறதென்றால், விதி எழுத்தில் இருப்பதால்தான். விதியே இல்லாத பட்டியலிடம் அப்படிக் கேட்டால், ‘அது என் ரசனை’ என்ற ஒரே பதில்தான் வரும். ‘தகுதி’ என்ற சொல்லை வைத்து இடஒதுக்கீட்டை எதிர்ப்பவர்களிடம் நாம் கேட்டுப் பழகிய பதில்தான் இது. எதில் தகுதி, யார் அளந்தது என்று அங்கே கேட்கிறோம். இங்கேயும் கேட்போம்.

அளவுகோல் இல்லாத பட்டியலை அடையாளம் காண ஒரு வழி சொல்கிறேன். பதினொன்றாவதாக எந்த நாவல் இருந்தது, அது ஏன் பத்துக்குள் வரவில்லை என்று கேளுங்கள். அளவுகோல் வைத்திருப்பவர் காரணம் சொல்வார். மற்றவர் தடுமாறுவார். ஏனென்றால் அவர் பத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை, நினைவுக்கு வந்ததைச் சொன்னார். நினைவுக்கு வந்தது அவர் முன்பு பார்த்த பட்டியல்களிலிருந்து வந்தது. இன்னோர் அடையாளமும் உண்டு. ஒன்பது நாவல்களுக்குப் பிறகு கடைசியில் ஒரே ஒரு தலித் நாவல் இருக்கும், அதுவும் ‘தலித் வாழ்வின் பதிவு’ என்ற குறிப்போடு. மற்ற ஒன்பதும் எந்தச் சாதியின் வாழ்வைப் பதிவு செய்கின்றன என்ற குறிப்பு இருக்காது.

இனி யாராவது பத்து நாவல் கேட்டால், எதற்காகக் கேட்கிறீர்கள் என்று திருப்பிக் கேளுங்கள். புதிதாக வாசிக்கத் தொடங்குபவருக்கு ஒரு பட்டியல். ஊர் நூலகத்துக்கு வாங்க இன்னொன்று. அவரே காலத்தையும் சொல்லட்டும். சொல்லாவிட்டால், நீங்கள் தரும் பட்டியலின் தலைப்பிலேயே எழுதிவிடுங்கள்: ‘1972க்குப் பிறகு, சாதியை உள்ளிருந்து எழுதிய பத்து நாவல்கள், தரவரிசை இல்லை.’ தலைப்பு நீளம்தான். ஆனால் அதோடு ஒருவர் சண்டை போடலாம், எதை விட்டீர்கள் என்று கேட்கலாம்.

ஜெய்பீம்.