ஆவன செய்யச் சொல்லாதீர்கள்

(இளைஞர்களுக்கான மனு எழுதும் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் இயக்கத்தில் ஒரு அரசாணையின் எண்ணை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். 1010. பஞ்சமி நிலத்துக்கான அரசாணை, நாள் 30.9.1892. நூற்று முப்பது ஆண்டுகள் கழிந்த பிறகும் அந்த எண்ணைச் சொல்லித்தான் நிலத்தைக் கேட்கிறோம். ஆனால் நம் ஊரிலிருந்து போன ஆண்டு கொடுத்த மனுவின் எண் என்ன என்று கேட்டால் யாருக்கும் தெரிவதில்லை. இன்று அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

நான் அருகிலிருந்து பார்த்த ஒரு மனுவை எடுத்துக்கொள்வோம். ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை, எண்களையும் நாட்களையும் மாற்றியிருக்கிறேன். சேரியிலிருந்து மயானத்துக்குப் போகும் வண்டிப்பாதை. கிராமக் கணக்கில் புல எண் 112/3, அரசு புறம்போக்கு. புலப்படத்தின்படி நான்கு மீட்டர் அகலம். பக்கத்து நிலக்காரர் வேலி போட்டு ஒன்றரை மீட்டராக்கிவிட்டார். பாடை திரும்ப இடமில்லை. மழைக்காலத்தில் வயலில் இறங்கித் தூக்கிப் போகிறார்கள். மூன்று ஆண்டுகளில் ஐந்து மனு கொடுத்திருந்தார்கள். ஐந்துக்கும் பதில் ஒன்றுதான்: "மேல்நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது."

தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு ஒரு விண்ணப்பம் போட்டோம். ஐந்து மனுக்களும் என்னென்ன எண்ணில் பதிவாயின, இப்போது எந்த நிலையில் இருக்கின்றன என்று கேட்டோம். வந்த பதில்தான் இந்தப் பேச்சுக்குக் காரணம். ஐந்து மனுவும் வட்டாட்சியர் அலுவலகத்தில் ஐந்து தனித்தனிக் கோப்புகளாக, மூன்று வெவ்வேறு எழுத்தர்களிடம் இருந்தன. முதல் கோப்பில் நில அளவர் வந்து அளந்து, இரண்டரை மீட்டர் ஆக்கிரமிப்பு என்று எழுதிக் கொடுத்த அறிக்கையே இருந்தது. மற்ற நான்கு கோப்புகளுக்கு அது தெரியாது. ஒவ்வொன்றும் கிராம நிர்வாக அலுவலரிடம் புதிதாக அறிக்கை கேட்டு, அத்தோடு முடிந்துபோயிருந்தது.

ஏன் இப்படி ஆனது? ந.க.எண். 2145/2021/ஆ3 என்று ஒரு எண் இருந்தால், 2145 என்பது அந்த ஆண்டின் வரிசை எண். 2021 ஆண்டு. ஆ3 என்பது பிரிவும் இருக்கையும், அதாவது அந்தக் கோப்பு எந்த எழுத்தரின் தன்பதிவேட்டில் இருக்கிறது என்பது. உங்கள் அடுத்த கடிதத்தில் இந்த எண் இருந்தால் தபால் பிரிப்பவர் அதை ஆ3-க்கு அனுப்புவார், அது பழைய கோப்போடு சேரும். எண் இல்லாவிட்டால் அது புது மனு. புது எண், புது இருக்கை, முதலிலிருந்து விசாரணை. நினைவூட்டுவதாக நினைத்து நாம் கொடுக்கிற கடிதம், அலுவலகக் கணக்கில் நினைவூட்டலே அல்ல.

இன்னொரு குழப்பமும் உண்டு. திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் ஆட்சியரகத்தில் தருகிற சீட்டில் இருப்பது மனு எண். மனு வட்டாட்சியருக்குப் போனதும் அங்கே வேறு ந.க.எண் விழும். கோப்பு நகர்வது அந்த இரண்டாவது எண்ணில். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

கோப்பு முடிந்ததும் எண்ணின் முன்னெழுத்து மாறும். ஓ.மு. என்றால் ஓராண்டு முடிவு, மூ.மு. மூன்றாண்டு முடிவு, ப.மு. பத்தாண்டு முடிவு. அத்தனை ஆண்டுதான் கோப்பை வைத்திருப்பார்கள், பிறகு அழித்துவிடலாம். நம் முதல் கோப்பு மூ.மு. என்று முடிக்கப்பட்டிருந்தது. மூன்றாண்டு நிறைய நான்கு மாதம்தான் பாக்கி. நில அளவரின் அந்த ஒரு தாள் அதோடு போயிருக்கும். உடனே சான்றிட்ட நகல் வாங்கினோம். உங்களுக்கு வரும் கடிதத்தில் ந.க. போய் ஓ.மு. வந்திருந்தால், உங்கள் மனு முடிக்கப்பட்டுவிட்டது, நாள் எண்ணப்படுகிறது என்று பொருள்.

பிறகு ஆறாவது கடிதம் எழுதினோம். அதன் தலைப்பகுதி இது:

பொருள்: வண்டிப்பாதைப் புறம்போக்கு – புல எண் 112/3 – மயானப் பாதை ஆக்கிரமிப்பு – அகற்றக் கோருதல் – தொடர்பாக.

பார்வை:
1. எங்கள் மனு, நாள் 12.4.2021.
2. வட்டாட்சியர் அலுவலக ந.க.எண். 2145/2021/ஆ3.
3. மேற்படி கோப்பிலுள்ள நில அளவர் அறிக்கை, நாள் 20.7.2021.
4. எங்கள் தொடர் மனுக்கள் நான்கு (எண்களும் நாட்களும் இணைப்பு 4-இல்).

பார்வையை நாள் வரிசையில் எழுதுங்கள். பிறகு உடலில் கதையைத் திரும்பச் சொல்ல வேண்டாம். "பார்வை 3-இல் கண்ட அறிக்கையில் ஆக்கிரமிப்பு உறுதிசெய்யப்பட்டுள்ளது" என்ற ஒரு வரி போதும். அரசாணையைக் காட்டினால் எண், துறை, நாள் மூன்றும் வேண்டும். ஒவ்வொரு துறையிலும் ஆண்டுதோறும் எண் ஒன்றிலிருந்து தொடங்குவதால் வெறும் எண் எதையும் அடையாளம் காட்டாது.

அடுத்து, இணைப்பு. பழைய மனுக்களில் "ஆவணங்கள் இணைத்துள்ளோம்" என்று மட்டும் இருந்தது. அதற்கு ஒருமுறை "ஆவணங்கள் ஏதும் இணைக்கப்படவில்லை" என்று பதில் வந்தது. மறுக்க எந்தச் சான்றும் இல்லை. இம்முறை இப்படி எழுதினோம்:

இணைப்பு:
1. அ-பதிவேட்டின் நகல் – 1 பக்கம்
2. புலப்பட நகல் – 1 பக்கம்
3. நில அளவர் அறிக்கை, சான்றிட்ட நகலின் ஒளிநகல் – 2 பக்கம்
4. முந்தைய மனுக்களும் ஒப்புகைகளும், ஒளிநகல் – 9 பக்கம்
மொத்தம் 13 பக்கங்கள்.

தாள்களுக்கு 1 முதல் 13 வரை தொடர் எண் போட்டோம். மூல ஆவணம் எதையும் கொடுக்கவில்லை. இந்தப் பட்டியல் தனித்தாளில் இருக்கக் கூடாது, கையெழுத்துக்குக் கீழே கடிதத்திலேயே இருக்க வேண்டும். உங்கள் நகலில் அலுவலக முத்திரையும் நாளும் அந்தப் பக்கத்தில்தான் விழ வேண்டும். அஞ்சல் ஒப்புகை, உறை போய்ச் சேர்ந்ததைத்தான் சொல்லும், உறைக்குள் என்ன இருந்தது என்று சொல்லாது.

கடைசியாக, நடை. பழைய மனுக்கள் "சமூகம் அவர்களுக்கு, ஏழை எளியோர் பணிவுடன் எழுதிக்கொள்வது" என்று தொடங்கி, "தயவுகூர்ந்து ஆவன செய்யுமாறு" என்று முடிந்தன. பணிவு நமக்குத் தேவையில்லை என்பது ஒருபுறம். "ஆவன செய்க" என்பதில் வேறொரு சிக்கல் இருக்கிறது. மனுவை இன்னொரு அலுவலகத்துக்குத் தள்ளிவிடுவதும் ஆவனதான். அதைச் செய்து கோப்பை முடித்தால் நீங்கள் கேட்டதைச் செய்துவிட்டார்கள். ஆகவே எங்கள் வரி இப்படி இருந்தது: "தமிழ்நாடு நில ஆக்கிரமிப்புச் சட்டம், 1905 பிரிவு 7-இன் கீழ் அறிவிப்பு வழங்கி, பிரிவு 6-இன் கீழ் ஆக்கிரமிப்பை அகற்றுமாறு கோருகிறோம்." இதற்குச் செய்தோம் அல்லது செய்யவில்லை என்றுதான் பதில் எழுத முடியும். வயலில் பாடை தூக்கியதையும் எழுதினோம், அழுகையாக அல்ல. எந்த நாள், யாருடைய அடக்கம், எந்த வழி என்று மூன்று வரி.

அந்தக் கடிதம் ஆ3-க்கே போனது. ஒன்றரை மாதத்தில் பிரிவு 7 அறிவிப்பு வந்தது. வேலி இன்னும் முழுதாகப் போகவில்லை. நிலக்காரர் மேல்முறையீடு செய்திருக்கிறார், ஊர்ச் சாதிக்காரர்கள் அவர் பக்கம் நிற்கிறார்கள். அதைக் கடிதம் தீர்க்காது, தெருவில் நின்றுதான் தீர்க்க வேண்டும். ஆனால் பாதையே இல்லை என்று இனி எந்த அலுவலகமும் சொல்ல முடியாது. இரண்டரை மீட்டர் என்று அரசாங்கமே எழுதிய தாள் நம் கையில் இருக்கிறது.

உங்கள் ஊரில் நிலுவையிலுள்ள மனுக்களின் ஒப்புகைச் சீட்டுகளை அடுத்த அமர்வுக்கு எடுத்து வாருங்கள். எந்த எண் இருக்கிறது, எது இல்லை என்பதிலிருந்து தொடங்குவோம்.