"கேட்டால் தருவோம்" என்ற வாக்கியமும் 344 பென்குயின்களும்

புள்ளியியல் கற்பித்த பேராசிரியர் ஒருவரின் நினைவில் அவருடைய மாணவர்கள் நிறுவிய அறக்கட்டளையின் சொற்பொழிவு இது. ஆகவே ஆய்வுக் கட்டுரைகளின் கடைசிப் பக்கத்தில் சிறிய எழுத்தில் வரும் ஒரு பத்தியைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை எனக்குக் கிடைக்காது. தரவு கிடைக்கும் இடத்தைச் சொல்லும் குறிப்பு என்று அந்தப் பத்தியைச் சொல்லலாம். முடிவுகளுக்கு அடிப்படையான எண்கள் எங்கே இருக்கின்றன, அவற்றை யார் எப்படிப் பெறலாம் என்று வாசகருக்குத் தெரிவிப்பது அதன் வேலை. இன்று பல ஆய்விதழ்கள் அந்தக் குறிப்பு இல்லாத கட்டுரையை ஏற்பதில்லை. குறிப்பு வந்துவிட்டது. தரவும் கூடவே வந்ததா?

இதைக் குரோஷிய ஆய்வாளர் மூவர் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். பயோமெட் சென்ட்ரல் பதிப்பகம் 2019 ஜனவரியில் தன் இதழ்களில் வெளியிட்ட மூவாயிரத்துச் சொச்சம் கட்டுரைகளை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவற்றுள் 1,792 கட்டுரைகளின் ஆசிரியர்கள், கேட்டால் தரவைத் தருகிறோம் என்ற பொருளில் எழுதிக் கையொப்பமிட்டிருந்தார்கள். அத்தனை பேருக்கும் மின்னஞ்சல் போயிற்று. 1,670 பேர் பதில் எழுதவில்லை, அல்லது மறுத்துவிட்டார்கள். தரவு வந்தது 122 பேரிடமிருந்து மட்டும், அதாவது நூற்றுக்கு ஏழு பேர்கூட இல்லை. கட்டுரை வெளியாகிச் சில ஆண்டுகள்கூட ஆகாத நிலையில் இது. அச்சில் தந்த வாக்கை இத்தனை பேர் காப்பாற்றவில்லை என்பது எனக்கு வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் இவர்கள் எல்லோரும் மறைக்கிறார்கள் என்று முடிவுகட்டுவது தவறு. 2014இல் டிமோத்தி வைன்ஸும் கூட்டாளிகளும் வெளியிட்ட ஆய்வு வேறொரு காரணத்தைக் காட்டியது. தாவரங்கள், விலங்குகளின் உடல் அளவுகளைப் பற்றிய 516 கட்டுரைகளை அவர்கள் தேர்ந்தார்கள். மிகப் புதியது 2 ஆண்டு பழையது, மிகப் பழையது 22 ஆண்டு பழையது. கட்டுரைக்கு வயது ஓராண்டு கூடும்போதெல்லாம், தரவு இன்னும் இருப்பதற்கான வாய்ப்பு விகிதம் 17 சதவீதம் குறைந்துகொண்டே போனது. கட்டுரையில் அச்சான மின்னஞ்சல் முகவரி வேலை செய்வதற்கான வாய்ப்பும் ஆண்டுதோறும் குறைந்தது. எண்கள் ஒரு மனிதரின் கணினியில் இருந்தால், அவர் வேலை மாறும்போது, ஓய்வு பெறும்போது, வட்டு பழுதாகும்போது அவையும் போகின்றன. "கேட்டால் தருவோம்" என்று எழுதுகிறவர் அன்றைக்கு உண்மையாகவே சொல்லியிருக்கலாம். பத்தாண்டு கழித்து அதை நிறைவேற்ற அவரிடம் எதுவும் மிஞ்சியிருக்காது.

இந்த இடத்தில்தான் தரவுக் களஞ்சியங்கள் வருகின்றன. ஐரோப்பிய அணு ஆய்வு மையமான செர்ன் 2013 முதல் நடத்திவரும் ஸெனோடோ எந்தத் துறைக்கும் திறந்தது. சூழலியலாளர்கள் தொடங்கிய டிரையாட் இன்னொன்று. களஞ்சியத்தில் சேர்த்த கோப்புகளுக்கு டிஓஐ என்ற நிலையான அடையாள எண் கிடைக்கிறது. நிலம் எத்தனை கை மாறினாலும் புல எண் மாறாதது போல, கோப்பு எந்தக் கணினிக்கு இடம்பெயர்ந்தாலும் அந்த எண் மாறாது. பின்னால் ஒரு பிழையைத் திருத்தினால் பழைய கோப்பு அழிவதில்லை. ஸெனோடோவில் புதிய பதிப்புக்குப் புதிய எண் தருகிறார்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். பயன்படுத்துவோருக்கு என்ன உரிமை என்பதும் அங்கேயே எழுதப்பட்டிருக்கும். இவ்வளவும் களஞ்சியம் தருவது.

அது தராதது ஒன்று உண்டு. கோப்புக்குள் இருப்பது புரியுமா என்பதற்கு அது பொறுப்பல்ல. டிரையாடில் ஒரு பணியாளர் கோப்பைத் திறந்து பார்த்து, விளக்கம் போதவில்லை என்றால் திருப்பிக் கேட்பார். ஸெனோடோவில் அப்படி யாரும் பார்ப்பதில்லை, நீங்கள் ஏற்றியது அப்படியே வெளியாகும். ஆகவே நிலையான எண்ணும் திறந்த உரிமமும் உள்ள, ஆனால் ஒருவருக்கும் பயன்படாத தொகுப்புகள் இருக்க முடியும். பயன்படும் தொகுப்பு எப்படி இருக்கும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை முழுவதுமாகப் பார்ப்போம்.

அண்டார்க்டிகாவில் அமெரிக்காவின் பால்மர் ஆய்வு நிலையத்துக்கு அருகே மூன்று தீவுகளில், 2007 முதல் 2009 வரை கிறிஸ்டன் கோர்மனும் குழுவினரும் கூடு கட்டிய பென்குயின்களை அளந்தார்கள். அடேலி, சின்ஸ்ட்ராப், ஜென்டூ என்று மூன்று இனங்கள், மொத்தம் 344 வரிகள். கட்டுரை 2014இல் வந்தது. எண்கள் இனத்துக்கு ஒரு தொகுப்பாக ஒரு சூழலியல் களஞ்சியத்தில் சேர்ந்தன. அவற்றுக்கு விதிக்கப்பட்ட உரிமம் சிசி0, அதாவது யாரும் எதற்கும் அனுமதி கேட்க வேண்டாம். 2020இல் அலிசன் ஹார்ஸ்ட், அலிசன் ஹில், கோர்மன் மூவரும் சேர்ந்து இதை ஆர் மொழிக்கான ஒரு பொதியாக வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் புள்ளியியல் வகுப்புகளில் இந்தப் பறவைகள்தான் பாடம். 2025இல் ஆர் மொழி தன்னுடன் வரும் தரவுகளிலேயே இதைச் சேர்த்துக்கொண்டது. பறவையின் உணவுக்கும் பாலினத்துக்கும் உள்ள தொடர்பை அறிய எடுத்த அளவுகள், எடுத்தவர்கள் நினைத்தே பார்க்காத வேலைக்குப் போயிருக்கின்றன. மறுபயன்பாடு என்று நான் சொல்வது இதைத்தான்.

மூலத் தொகுப்பில் 17 நெடுவரிசைகள். தலைப்பைப் பாருங்கள்: `Culmen Length (mm)`, `Body Mass (g)`. எண் மில்லிமீட்டரிலா சென்டிமீட்டரிலா என்று ஊகிக்க வேண்டியதில்லை. `Culmen` என்பது பறவை அலகின் மேல்முகடு. அதன் நீளத்தை எங்கிருந்து எதுவரை அளந்தார்கள், உயரத்தை எங்கே அளந்தார்கள் என்று ஹார்ஸ்ட் வரைந்த படம் பொதியுடன் இருக்கிறது. அளந்த இடம் தெரியாவிட்டால் வேறொரு கடற்கரையில் வேறொருவர் எடுத்த அளவோடு இதை ஒப்பிட முடியாது.

இவற்றைவிட நான் மதிப்பது கடைசி நெடுவரிசையான `Comments`. பெரும்பாலான வரிகளில் அது காலி. ஆனால் அளவு விடுபட்ட இடங்களில் பேசுகிறது. நான்காவது வரியில் ஓர் அடேலிப் பறவைக்கு அலகு, இறக்கை, எடை எதுவும் இல்லை. எல்லா இடத்திலும் `NA`. குறிப்பு சொல்கிறது: `Adult not sampled.` அந்தப் பறவையை அளக்கவே இல்லை. வேறு சில வரிகளில் உடல் அளவுகள் இருக்கின்றன, இரத்தத்தில் பார்க்க வேண்டிய ஓரிடத்தான்களின் அளவு மட்டும் இல்லை. அங்கே குறிப்பு, பரிசோதனைக்குப் போதிய இரத்தம் கிடைக்கவில்லை என்கிறது. இன்னும் சிலவற்றில், பாலினத்தை அறியச் செய்த மரபணுச் சோதனை வேலை செய்யவில்லை என்கிறது.

எல்லாம் ஒரே `NA` தான், ஆனால் மூன்றும் வெவ்வேறு செய்திகள். விடுபட்ட இடத்தைச் சராசரியால் நிரப்புவது பலருடைய வழக்கம். நான்காவது வரியில் அதைச் செய்தால், யாரும் அளக்காத ஒரு பறவைக்கு உடல் கொடுத்தவர்கள் ஆவோம். இரத்தம் போதாத வரியில் கேள்வி வேறு: இரத்தம் குறைந்தது தற்செயலா, அல்லது சிறிய, மெலிந்த பறவைகளிடம்தான் குறைந்ததா? இரண்டாவது உண்மையென்றால் அந்த வரிகளை நீக்குவதே முடிவைச் சாய்த்துவிடும். எடை இருப்பதால் இதைச் சோதிக்கலாம். காரணம் எழுதப்பட்டிருப்பதால்தான் சோதிக்க வேண்டும் என்றே தோன்றுகிறது.

வகுப்பறைகளில் அதிகம் புழங்குவதோ எட்டு நெடுவரிசை கொண்ட சுருக்கப் பதிப்பு. அதில் `Comments` இல்லை. பாடத்துக்கு எளிமை வேண்டும் என்பதை ஏற்கிறேன். ஆனால் அதை மட்டும் பார்த்த மாணவருக்கு வெற்றிடம் என்பது காரணமில்லாமல் விழுந்த ஓட்டையாகவே தெரியும். பொதியைத் தயாரித்தவர்கள் மூலப் பதிப்பையும் கூடவே வைத்தது மிக நல்ல முடிவு.

இந்தத் தொகுப்பிலும் ஒரு பொறி இருக்கிறது. `Individual ID` என்ற நெடுவரிசை ஒவ்வொரு பறவைக்கும் உரிய தனி அடையாளம் என்று விளக்கத்தில் எழுதியிருக்கிறது. அதன் மதிப்புகள் `N1A1`, `N1A2` என்று போகின்றன, கூட்டின் எண்ணும் பறவையின் எண்ணும் சேர்ந்தவை. தனித்த மதிப்புகள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள்:

```r
library(palmerpenguins)
nrow(penguins_raw)
length(unique(penguins_raw$`Individual ID`))
```

முதல் விடை 344, இரண்டாவது 190. ஒரே குறி பல வரிகளில் வருகிறது. ஒரே பறவையை மறுபடி அளந்தார்களா, அல்லது வேறு பறவைக்கு அதே எண் போனதா? விளக்கத்தை மட்டும் நம்பி, ஒரே குறியுள்ள வரிகளை ஒரு பறவையின் ஆண்டுவாரி வளர்ச்சி என்று எடுத்துக்கொள்கிறவர் தவறான கணக்குப் போடக்கூடும். ஒரே குறியுள்ள வரிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இனம், தீவு, பால் மூன்றையும் ஒப்பிட்டால் ஐயம் தெளியும். ஓர் இனத்துப் பறவை அடுத்த பருவத்தில் வேறு இனமாக முடியாது. களத்தில் நின்றவர்களுக்கு அந்தக் குறியின் எல்லை தெரிந்தே இருந்திருக்கும். தமக்குத் தெரிந்தது எழுதாமலே மற்றவர்க்கும் தெரியும் என்று நினைப்பது கவனமான குழுவுக்கும் நேர்கிறது.

பிரதிகளைப் பற்றியும் ஒரு சொல். பென்குயின்களுக்கு முன் வகுப்பறைகளில் இருந்தது ஐரிஸ் மலர்த் தொகுப்பு. எட்கர் ஆண்டர்சன் திரட்டிய 150 மலர்களின் அளவுகளை ரொனால்ட் ஃபிஷர் 1936இல் அச்சிட்டார். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகக் களஞ்சியத்திலிருந்து பலர் பதிவிறக்கிய பிரதியில் 35ஆவது, 38ஆவது மலர்களின் அளவுகள் ஃபிஷர் அச்சிட்டதோடு பொருந்தவில்லை. எந்தப் பிரதியைப் பயன்படுத்தினோம் என்று எழுதாத கட்டுரைகளை ஒப்பிடும்போது, வேறுபாடு முறையால் வந்ததா பிரதியால் வந்ததா என்று சொல்ல வழியில்லை. பதிப்புக்குத் தனி எண் தருவதன் தேவை இங்கே விளங்கும்.

இப்போது அந்தக் கடைசிப் பக்கக் குறிப்புக்குத் திரும்புகிறேன். அடேலி அளவுகளைப் பயன்படுத்தும் ஒருவர் இப்படி எழுதலாம்: "இக்கட்டுரையின் எல்லா அட்டவணைகளுக்கும் ஆதாரமான அளவுகள் doi:10.6073/pasta/98b16d7d563f265cb52372c8ca99e60f என்ற பதிப்பில் உள்ளன. அளக்கப்படாத பறவையை நீக்கினோம்." இதைப் படித்தவர் யாருக்கும் மின்னஞ்சல் எழுத வேண்டியதில்லை.

எல்லாவற்றையும் திறந்துவைக்க முடியாது என்பதும் உண்மை. நோயாளிகளின் பதிவுகள், வேட்டைக்கு ஆளாகும் உயிரினங்களின் துல்லியமான இருப்பிடம் போன்றவை பூட்டியே இருக்க வேண்டும். அப்போது ஏன் பூட்டினோம், எந்தக் குழு அனுமதி தரும், அதற்கு என்ன தகுதி வேண்டும் என்பதைக் குறிப்பு சொல்ல வேண்டும். அனுமதி தருவது நிறுவனமாக இருக்க வேண்டும். ஆசிரியரின் சொந்த மின்னஞ்சலாக இருந்தால் முன்னர் கண்ட கதைதான்.

நம் பல்கலைக்கழகங்களின் ஆய்வேடுகள் சோத்கங்காவில் பிடிஎஃப் கோப்புகளாக இருக்கின்றன. அது பெரிய கொடை. ஆனால் அவற்றின் பின்னிணைப்பு அட்டவணைகளை எடுத்துக் கணக்கிட விரும்புகிறவர் ஒவ்வோர் எண்ணையும் மறுபடி தட்டச்சு செய்ய வேண்டும், அல்லது பிழைபட எடுக்கும் கருவியை நம்ப வேண்டும். அதே அட்டவணையை ஒரு சிஎஸ்வி கோப்பாகவும் சேர்த்தால் அந்தத் தொல்லை இல்லை.

இங்கே இருக்கும் நெறியாளர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். உங்கள் மாணவரின் தொகுப்பைக் களஞ்சியத்துக்கு அனுப்பும் முன், வேறு துறை மாணவர் ஒருவரிடம் அந்தக் கோப்புறையைக் கொடுங்கள். ஆய்வேட்டின் முதல் அட்டவணையை அதிலிருந்து மட்டுமே மறுபடி உருவாக்கச் சொல்லுங்கள். தொகுத்தவர் அந்த அறையில் இருக்கக் கூடாது. வேறு துறை மாணவர் கேட்க நினைத்த கேள்விகளையெல்லாம் தாளில் எழுதட்டும்: இந்தக் குறி எதற்கு, இந்தக் காலியிடம் ஏன், 99 என்பது எண்ணா, விடுபட்டதன் அடையாளமா. அந்தத் தாளுக்கு விடை எழுதி, தொகுப்போடு சேர்த்து அனுப்புங்கள்.